குறி சுடாத யுரசில்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், டிஎன்ஏயில் இருக்கக் கூடாத மூலமான யுரசிலைப் பற்றித்தான். பரீட்சைக் காலம் போலும்.

கிளைக்கோசிலேஸ் டிஎன்ஏ இழையை வெட்டுமா? (கல்முனை)

டிஎன்ஏயிலிருந்து மூலங்களைப் பிடுங்கும் கிளைக்கோசிலேஸ் நொதியங்கள் பல, எதைக் கேட்கிறீர்கள் தம்பி? பெயரை எழுதிக் கேளுங்கள். யுரசிலை நீக்கும் யுஎன்ஜி இழையைத் தொடாது. மூலத்தை வெல்லத்தோடு சேர்க்கும் பிணைப்பை மட்டும் அறுக்கும். மூலம் போன வெற்றிடத்தில் இழையை வெட்டுவது ஏபிஇ1. பொலிமரேஸ் பீட்டா அங்கே ஒரு நியூக்கிளியோரைட்டை வைத்து மிச்சத்தைக் கழற்றும், லைகேஸ் ஒட்டும். ஒட்சியேறிய மூலங்களை எடுக்கும் சில கிளைக்கோசிலேஸ்கள் இழையையும் வெட்டக் கூடியவை. அதனால்தான் பெயர் கேட்டேன்.

"தைமின் உறுதியானது, அதனால் டிஎன்ஏயில் யுரசில் இல்லை" என்று வகுப்புக் குறிப்பில் இருக்கிறது. சரியா சேர்? (செங்கலடி)

இந்த ஒற்றை வரியை விடைத்தாள்களில் வாசித்து வாசித்து அலுத்துவிட்டேன் மகள். குழப்பம் செய்வது தைமினுமல்ல, யுரசிலுமல்ல, சைற்றோசின். அது தண்ணீரில் சும்மா கிடந்தாலே மெதுவாக அமைன் கூட்டத்தை இழந்து யுரசிலாகிவிடும். மனிதக் கலம் ஒன்றில் நாளுக்கு நூறு, இருநூறு தடவை நடக்கும்.

ஒரு குவானின்-சைற்றோசின் சோடியை எடுங்கள். சைற்றோசின் யுரசிலாகிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. டிஎன்ஏ இரட்டிக்கும்போது குவானின் இருக்கும் இழை சரியான சோடியையே தரும். மற்ற இழையில் யுரசிலுக்கு எதிரே அடினின் வந்து உட்காரும். அடுத்த சுற்றில் அந்த அடினினுக்கு எதிரே தைமின். குவானின்-சைற்றோசின் இருந்த இடத்தில் இப்போது அடினின்-தைமின். விகாரம் நிலைத்துவிட்டது.

டிஎன்ஏ வழமையாகவே யுரசிலை வைத்திருந்தால், எது சொந்த யுரசில், எது கெட்டுப்போன சைற்றோசின் என்று நொதியம் எப்படிப் பிரிக்கும்? நம் பக்கத்துப் பட்டிக்காரருக்கு இது புதிதல்ல. சொந்த மாட்டுக்குக் குறி சுட்டிருக்கும். குறியில்லாத மாடு பட்டிக்குள் நின்றால் வெளியாள் மாடு. தைமின் என்பது மெதைல் கூட்டத்தால் குறி சுட்ட யுரசில், அவ்வளவுதான்.

அந்தக் குறியை நொதியம் வாசிக்கும் விதமும் சுவையானது. யுஎன்ஜி மூலத்தைச் சுருளிலிருந்து வெளியே புரட்டி, தன் பைக்குள் நுழைத்துப் பார்க்கும். மனித நொதியத்தில் 147ஆம் இடத்திலுள்ள தைரோசின், மெதைல் கூட்டம் இருந்தால் உள்ளே விடாது. ஆய்வுகூடத்தில் அந்தத் தைரோசினை அலனினாக மாற்றியபோது நொதியம் தைமினையும் பிடுங்கத் தொடங்கியது. யுரசிலைப் பிடுங்கும் நொதியத்தை ஈ.கோலையில் முதலில் கண்டவர் தோமஸ் லிண்டால், 1974இல். 2015இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. நம் டிஎன்ஏயில் சில சைற்றோசின்களுக்கே மெதைல் கூட்டம் இருக்கிறது. அவை அமைனை இழந்தால் யுரசிலாகாது, நேரே தைமினாகும். கள்ளன் நம் குறியையே சுட்டுவிட்டான்! டிடிஜி, எம்பிடி4 என்ற வேறு கிளைக்கோசிலேஸ்கள் குவானினுக்கு எதிரே நிற்கும் தைமினைத் தேடிப் பிடித்தாலும், தப்புவது நிறைய. விகாரங்கள் அவ்விடங்களில் கூடுவது இதனால்தான்.

மியுட்டிவைஎச் நல்ல அடினினை ஏன் வெட்டி எறிகிறது? (அக்கரைப்பற்று)

நல்ல கேள்வி. ஒட்சியேறிய குவானின் சைற்றோசினோடும் சேரும், புரண்டு நின்று அடினினோடும் சேரும். சைற்றோசின் எதிரே இருக்கும்போதே ஓஜிஜி1 அதைப் பிடுங்கினால் கதை முடிந்தது. அதற்குள் இரட்டித்து அடினின் வந்துவிட்டால், கெட்ட குவானினை எடுப்பது ஆபத்து: தவறான அடினின் அச்சாகி, தைமின் வந்துவிடும். ஆகவே மியுட்டிவைஎச் அடினினை எடுக்கிறது. பெரும்பாலும் சைற்றோசின் திரும்ப வரும். பிறகு ஓஜிஜி1க்கு இன்னொரு வாய்ப்பு. மியுட்டிவைஎச் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானவர்களுக்குப் பெருங்குடலில் நிறைய முளைகள் தோன்றி, புற்றுநோய் அபாயம் கூடும்.

வைட்டமின் சி மாத்திரை போட்டால் ஓஜிஜி1 வேகமாக வேலை செய்யுமா? (ஏறாவூர்)

இல்லை.

பிசிஆர் பட்டை வரவில்லை, ஏன்? (மட்டக்களப்பு)

எந்தப் பொலிமரேஸ், எந்தக் கலவை, ஒன்றும் எழுதவில்லை. நல்லவேளை, கடித ஓரத்தில் "மாலையில் ஜெல்லில் வந்தது, மிச்சத்தைக் காலையில் ஓட்டினேன், இல்லை" என்று கிறுக்கியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கலவையில் தைமினுக்குப் பதில் யுரசில் இருக்க வேண்டும், கூடவே யுரசிலைப் பிடுங்கும் யுடிஜி நொதியமும். 50 பாகையில் இரண்டு நிமிடம், முந்தைய பிசிஆரிலிருந்து வந்து கலந்த பழைய கசிவை அழித்துவிட்டு, 95 பாகையில் நொதியம் அடங்க வேண்டும். ஈ.கோலையின் நொதியம் முழுதாகச் சாவதில்லை. குளிரவிட்டால் உயிர்த்து, உங்கள் சொந்த விளைபொருளையே தின்னும். அன்றைக்கே ஜெல் ஓட்டுங்கள், அல்லது உடனே மைனஸ் 20இல் வையுங்கள். கொட் மீனின் யுடிஜி உள்ள கலவை கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அது சூட்டில் செத்தால் செத்ததுதான்.

பட்டை முதல் மாலையே வராமலிருந்தால் வேறு கதை. பிஎஃப்யு போன்ற பொலிமரேஸ் அச்சு இழையில் யுரசிலைக் கண்டதும் நின்றுவிடும். அடுத்த கடிதத்திலாவது பொலிமரேஸின் பெயரை எழுதுங்கள்.