‘வேலை முடிந்தது’ என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி: துணிக்கடை ஒன்றுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறோம். மூன்றாம் தவணை ‘வேலை முடிந்ததும்’ என்று ஒப்பந்தத்தில் உள்ளது. சோதனை சர்வரில் ஏற்றித் தெரிவித்துவிட்டோம். ரிட்டர்ன் பில் சரியில்லை, பழைய ஸ்டாக் கணக்கு ஏறவில்லை என்று சொல்லிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: சோதனை சர்வரில் நிரல் ஓடுவதையே தாங்கள் முடிவாகக் கருதினீர்கள், கவுன்டரில் பில் போட முடிவதையே கடைக்காரர் முடிவாகக் கருதினார். இரண்டும் நேர்மையான புரிதல்களே. எது சரி என்று சொல்ல ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. பொருள் உறுதியாக இல்லாததும், உறுதிப்படுத்த இயலாததுமான உடன்பாடு செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு. தங்கள் ஒப்பந்தம் அந்த நிலைக்குப் போகாது என்றே கருதுகிறேன். விலைப்புள்ளி, மின்னஞ்சல்கள், முந்தைய தவணைகள் எந்த நிலையில் தரப்பட்டன என்பவற்றைக் கொண்டு நீதிமன்றம் பொருள் காண முயலும். ஆனால் அது இரு தரப்புக்கும் நீண்ட, செலவு மிக்க வழி.

ஒப்பந்தத்துக்கு முன்பே தங்கள் நிறுவனம் குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு பெற்றிருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் துணை நிற்கும். சேவை அளித்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் வராவிட்டால், அளித்த நாளே ஏற்பு நாளாகும். வந்தால், அந்த ஆட்சேபத்தைத் தாங்கள் நீக்கிய நாளே ஏற்பு நாள். ஒப்பந்தத்தில் எவ்வளவு அவகாசம் எழுதியிருந்தாலும், ஏற்பு நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் பணத்தைத் தாமதிக்க முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஆயினும், சோதனை சர்வரில் ஏற்றியது ‘சேவை அளித்தது’ ஆகுமா என்று எதிர்த்தரப்பு கேட்டால் இந்த நாட்கணக்கு எங்கிருந்து தொடங்கும்? இந்த இடத்தில்தான் ‘வேலை முடிந்தது’ என்பதற்கு இரு தரப்பும் ஏற்ற வரையறை இல்லாத குறை தங்களைத் தடுக்கிறது.

அத்தகைய வரையறை ஒன்றை இவ்வாறு எழுதியிருக்கலாம்: “பில், ரிட்டர்ன் பில், ஸ்டாக் அறிக்கை ஆகியவை கடையின் சர்வரில், கடை தந்த தரவைக் கொண்டு, இணைப்பில் உள்ள சோதனைகளில் தேறி, பில் போடுவதைத் தடுக்கும் பிழை எதுவும் இல்லாத நிலையே வேலை முடிந்த நிலை.” சிறு பிழைகளைப் பின்னர் திருத்த எத்தனை நாள் என்பதையும் சேர்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது தரவுப் பொறுப்பு. பழைய ஸ்டாக் பட்டியலைச் சரிபார்த்துத் தருவது யார், எந்தத் தேதிக்குள், தாமதமானால் தவணை எப்போது உரியதாகும் என்று எழுதாவிட்டால், கடையின் தாமதம் தங்கள் தாமதமாகவே தோன்றும்.

இப்போது அவர்களுடைய குறைகளை எழுத்தில் கேட்டுப் பெற்று, விலைப்புள்ளியோடு ஒப்பிடுங்கள். ரிட்டர்ன் பில் அதில் இருந்தால், அதைச் சரிசெய்வது தங்கள் கடமையே. பழைய ஸ்டாக்கை ஏற்றுவது அதில் இல்லையென்றால், தனிக் கட்டணம் கேட்பது நியாயம். மீதி வேலைக்கு மேற்கண்டவாறு வரையறுத்த துணை ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். அதன் பிறகும் பணம் வராவிட்டால், மேற்சொன்ன 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த, குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதிக் குழுவிடம் மனுச் செய்யலாம்.