ஒரு வருடப் படிப்பின் உண்மையான விலை

கேள்வி: டிப்ளோமா முடித்துவிட்டேன். மாதம் 2,600 வெள்ளிக்கு வேலை வந்திருக்கிறது. ஒரு வருட முழுநேரப் படிப்பிலும் இடம் கிடைத்திருக்கிறது, கட்டணம் 8,000 வெள்ளி. இதில் வாய்ப்புச் செலவு என்றால் என்ன?

ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்டுப் போகும் அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்புதான் அது. நீங்கள் படிக்கப் போனால் 12 மாதச் சம்பளம், 31,200 வெள்ளி, போகிறது. பலர் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். முதலாளி உங்கள் மத்திய சேமநிதியில் போடும் 17 விழுக்காடும், அதாவது 5,304 வெள்ளியும், வராது. ஆக 36,504. கட்டணத்தையும் சேர்த்தால் படிப்பின் முழு விலை 44,504 வெள்ளி.

சாப்பாட்டுச் செலவைச் சேர்க்காதீர்கள், வேலைக்குப் போனாலும் சாப்பிடத்தான் வேண்டும். ஏற்கெனவே கட்டிய, திரும்பக் கிடைக்காத விண்ணப்பக் கட்டணமும் சேராது. 2,400 வெள்ளிக்கு இன்னொரு வேலை வந்திருந்தாலும் இரண்டையும் கூட்டக் கூடாது. ஒன்றைத்தானே பார்க்க முடியும்?

சரி, வேலைக்கே போனால்? அப்போது படிப்பு தந்திருக்கக்கூடிய கூடுதல் வருமானம்தான் இழப்பு. அதை இன்றைய 2,600-ஓடு ஒப்பிடாதீர்கள். ஒரு வருட அனுபவத்துக்குப் பிறகு அதே வேலையில் என்ன சம்பளம் வாங்கியிருப்பீர்களோ, அதோடு ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசம் மாதம் 500 வெள்ளி என்றால், சேமநிதியோடு வருடத்துக்கு 7,020. போட்டதை எடுக்க ஆறு வருடத்துக்கு மேல் ஆகும்.