கூட்டம் கலையும் முன் வேலைகளுக்கு ஆளும் திகதியும் குறிப்பது எப்படி?

கேள்வி: திருகோணமலையில் எங்கட மீனவர் சங்கக் கூட்டம் மூன்று மணித்தியாலம் போகும். முடிவுகள் கொப்பியில் இருக்கும், அடுத்த மாதம் பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. என்ன செய்யலாம்?

பதில்: கடைசி 15 நிமிடத்தை இதுக்கென்றே ஒதுக்குங்கோ. தேத்தண்ணியை அதுக்குப் பிறகு குடுங்கோ. முதலே குடுத்தால் பாதிப்பேர் எழும்பிவிடுவினம்.

கொப்பியில் "ஐஸ் பெட்டி விஷயம் பார்க்க வேணும்" என்று இருக்கும். அது வேலை இல்லை, கவலை. செயலாளர் அதைச் சத்தமாக வாசித்து, "முதல்ல ஆர் என்ன செய்யவேணும்?" என்று கேட்கவேணும். பதில் இப்படி வரலாம்: "இரண்டு கடையில் விலை கேட்டு, எழுத்தில் வாங்கி, பொருளாளரிட்டக் குடுக்கிறது." இப்பதான் அது வேலை.

அடுத்தது ஆள். "நாங்கள் பார்ப்பம்" என்பதை எழுதாதேங்கோ, ஒரே ஒரு பெயர் வேணும். உதவிக்கு எத்தனை பேரும் போகலாம். வராதவரின் தலையில் கட்டவும் வேண்டாம். மூதூரில் இருக்கிற அண்ணைதான் செய்யவேணும் என்றால், "நாளைக்கு அவரிட்டக் கேட்டுச் சொல்லுறது" என்பதை வந்திருக்கிற ஒருவர் ஏற்கட்டும்.

திகதியைச் செய்பவரே சொல்லவேணும். "அடுத்த கிழமை" போதாது. கலண்டரைப் பார்த்து, போயாவும் வெள்ளி மத்தியானமும் தவிர்த்து, "14ஆம் திகதி வியாழன்" என்று எழுதுங்கோ. பிறகு அவர் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். இழுத்தால், வேலை பெரிசு அல்லது ஆள் பிழை. அப்பவே மாத்துங்கோ.

ஒருவரும் கை தூக்காத வேலையை எல்லார் முன்னாலும் வெட்டிவிடுங்கோ. எங்கட கூட்டத்தில் 11இல் நாலு அப்படித்தான் போனது.