ஹெரெஸ் வந்தவருக்கு: எந்த ஷெர்ரி, எப்படிப் பரிமாற வேண்டும்

"அண்ணா, வேலை மாறி ஸ்பெயின்ல ஹெரெஸ் வந்து ரெண்டு மாசம் ஆகுது. கறுப்பா இருந்தா இனிப்பா இருக்கும்னு ஒரு ஒலோரோசோ வாங்கினேன், துளி இனிப்பு இல்ல. ஃபீனோ ஒண்ணு திறந்து அலமாரியில வெச்சேன், ரெண்டு வாரத்துல ருசியே போயிடுச்சு. சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரங்க நாலு பேர் சாப்பிட வர்றாங்க. எதை வாங்கட்டும், எப்படிப் பரிமாறட்டும்?"

தம்பி, நீங்கள் வாங்கிய ஒலோரோசோவும் ஃபீனோவும் இந்த ஊர் வைனான ஷெர்ரியின் இரண்டு வகைகள், ஒரே பலோமினோ திராட்சையில் பிறந்தவை. பீப்பாயில் இருந்த காலத்தில் ஒன்றின் மேல் காற்று பட்டது, மற்றதன் மேல் படவில்லை. இது பிடிபட்டுவிட்டால் நிறம், ருசி, திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

புது வைன் சுமார் 12 சதவீத ஆல்கஹாலோடு இருக்கும். அதில் திராட்சைச் சாராயம் சேர்த்து 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, 600 லிட்டர் பிடிக்கும் ஓக் பீப்பாயில் 500 லிட்டர் வரை மட்டும் ஊற்றுவார்கள். மிச்சமிருக்கும் வெற்றிடத்துக்குக் கீழே, வைனின் மேற்பரப்பில் வெள்ளையாக ஓர் ஆடை படரும். அது ஈஸ்ட். இங்கே அதை ஃப்ளோர் என்பார்கள். பீப்பாய்க்குள் காற்று இருந்தும் இந்த ஆடை அதை வைனைத் தொட விடாது. அதனால்தான் ஃபீனோ வருடக்கணக்கில் கிடந்தும் வெளிர் வைக்கோல் நிறத்திலேயே இருக்கிறது. அதோடு ஃப்ளோர் வைனில் உள்ள கிளிசரினைத் தின்றுவிடும். வாயில் வழவழப்பு இல்லாமல், பச்சை பாதாமும் புளித்த மாவும் கலந்த வாசனையோடு, சுள்ளென்று உலர்ந்து முடிவதற்குக் காரணம் அதுதான். பக்கத்துக் கடலோர ஊரான சான்லூகாரில் கடற்காற்றின் ஈரத்தால் இந்த ஆடை வருடம் முழுக்கக் கெட்டியாக நிற்கும். அங்கே முதிரும் ஃபீனோ வகைக்குத்தான் மன்சானீயா என்று பெயர்.

ஃப்ளோர் உயிருள்ள பொருள், அதற்குச் சாப்பாடு வேண்டும். சொலேரா முறை அதையும் பார்த்துக்கொள்கிறது. பீப்பாய்களை மூன்று வரிசையாக அடுக்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் அடைக்கத் தரையில் உள்ள வரிசையில் பீப்பாய்க்கு 100 லிட்டர் எடுத்தால், அந்த 100 லிட்டரை நடு வரிசையிலிருந்து நிரப்புவார்கள். நடு வரிசைக்கு மேல் வரிசையிலிருந்து வரும், மேல் வரிசைக்குப் புது வைன் வரும். எந்தப் பீப்பாயும் காலியாவதில்லை. ஊற்றும்போது ஆடை கிழியக் கூடாது என்பதற்காகத் துளையிட்ட குழாயை ஆடைக்குக் கீழே இறக்கி மெதுவாக விடுவார்கள். புது வைனோடு வரும் சத்தில் ஃப்ளோர் பிழைத்துக்கொள்ளும். பல வருடத்து வைன் கலந்துவிடுவதால் பெரும்பாலான ஷெர்ரி பாட்டிலில் அறுவடை ஆண்டு இருக்காது. அதைத் தேடாதீர்கள்.

ஆல்கஹாலை 17 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் ஃப்ளோர் பிழைக்காது. ஒலோரோசோவுக்கு ஆரம்பத்திலேயே அப்படிச் செய்துவிடுகிறார்கள். காற்று பட்டுப் பட்டு வைன் கறுக்கும், மர இடுக்கு வழியே தண்ணீர் ஆவியாகி மிச்சம் கெட்டியாகும், தின்ன ஆளில்லாததால் கிளிசரின் அப்படியே நிற்கும். வாயில் உருண்டையாக இருப்பதும் அக்ரூட் வாசனையும் இனிப்பை எதிர்பார்க்க வைக்கும், ஆனால் சர்க்கரை இல்லை. உங்களுக்குக் கிடைத்தது நல்ல ஒலோரோசோதான், சந்தேகமே வேண்டாம். அமொந்தியாதோ இரண்டுக்கும் நடுவே: முதலில் ஃப்ளோருக்குக் கீழே சில வருடம், அது போன பிறகு காற்றில் சில வருடம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். ஃபீனோவின் கூர்மையும் ஒலோரோசோவின் ஆழமும் ஒரே வாயில் கிடைக்கும்.

இனிப்பு வேண்டுமானால் பெத்ரோ ஹிமெனெஸ். அதே பெயருள்ள திராட்சையைப் பறித்து வெயிலில் உலர்த்தி, கிட்டத்தட்ட உலர்திராட்சை ஆன பிறகு பிழிந்து, சர்க்கரை புளிக்காமல் இருக்கும்போதே சாராயம் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். விதிப்படி லிட்டருக்குக் குறைந்தது 212 கிராம் சர்க்கரை. பலவற்றில் அதைவிட எவ்வளவோ கூட இருக்கும். ஒலோரோசோவில் இதைக் கலந்தால் கிரீம் என்ற ஷெர்ரி. அதில் லிட்டருக்கு 115 முதல் 140 கிராம். ஆகவே நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், முன்பக்கச் சீட்டில் உள்ள வகையின் பெயரைப் படியுங்கள்.

சனிக்கிழமைக்கு வருகிற நாலு பேரோடு வீட்டில் இருவர், ஆக ஆறு பேர் என்று வைத்துக்கொள்கிறேன். ஃபீனோ 375 மில்லி பாட்டில் இரண்டு வாங்குங்கள். ஒரு பெரிய பாட்டிலைவிட இது நல்லது, ஒன்றைத் திறக்காமலே விட்டாலும் நஷ்டமில்லை. கூட ஒரு அமொந்தியாதோ, ஒரு சின்ன பெத்ரோ ஹிமெனெஸ். பழைய சரக்காக அலமாரியில் நின்ற ஃபீனோ வேண்டாம். பாட்டில் அடைத்த தேதி போட்டிருந்தால் பார்த்து, ஒரு வருடத்துக்குள் இருப்பதை எடுங்கள். விற்பனை வேகமான கடை என்றால் கவலை குறைவு.

ஃபீனோ 7 முதல் 9 டிகிரி. காலையிலேயே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மேசையில் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் வையுங்கள். வெறும் ஐஸ் கட்டி பாட்டிலைச் சுற்றி இடைவெளி விடும், தண்ணீர் சேர்ந்தால்தான் குளிர் சீராக ஏறும். சிறுத்த வாயுள்ள வெள்ளை வைன் கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். நிறைய ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் சூடேறி, சாராய நெடிதான் முன்னால் வரும். ஆலிவ், வறுத்த பாதாம், பொரித்த நெத்திலி இதற்குச் சரியான ஜோடி. அமொந்தியாதோவை 12 முதல் 14 டிகிரியில், காளான் அல்லது கோழியோடு கொடுங்கள். ரொம்பக் குளிர்ந்தால் அதன் வாசனை அடங்கிவிடும். கடைசியில் வெனிலா ஐஸ்கிரீம்மேல் பெத்ரோ ஹிமெனெஸ் இரண்டு தேக்கரண்டி ஊற்றினால் போதும். நம்மூர்க் காரத்தில் குழம்பு வைப்பதாக இருந்தால் அதனோடு உலர்ந்த ஷெர்ரியைச் சேர்க்காதீர்கள். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலை ஏற்றிவிடும். அந்த நேரத்துக்குக் குளிர்ந்த கிரீம் ஷெர்ரி பரவாயில்லை.

இனி உங்கள் அலமாரி ஃபீனோ. காற்றையே பார்க்காமல் வளர்ந்தது, திறந்தவுடன் காற்று அதன்மேல் முழுதாக இறங்கியது. தக்கையை இறுக்கி, நிமிர்த்தி, ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரம்தான். நிறம் பொன்னாகக் கறுத்து, உப்புக்கரிப்பு போய், அடிபட்ட ஆப்பிள் வாசனை வந்தால் காலம் முடிந்தது. அமொந்தியாதோ இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஒலோரோசோ ஒரு மாதத்துக்கு மேலும், பெத்ரோ ஹிமெனெஸ் இரண்டு மாதமும் நிற்கும், ஏற்கெனவே காற்றோடு பழகியவை.

வாடிய ஃபீனோவைக் கொட்டாதீர்கள். பூண்டை ஆலிவ் எண்ணெயில் வதக்கி, ஒரு கிலோ மட்டிக்கு 100 மில்லி ஊற்றி மூடி வையுங்கள். ஓடு திறந்ததும் இறக்கிவிடலாம்.