பில் லிங்கில் 1042 என்று இருந்தால் ஆபத்தா?

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி மொத்த வியாபாரம் செய்கிறோம். வாட்ஸ்அப்பில் பில் லிங்க் அனுப்ப பிஎச்பி, மைஎஸ்க்யூஎல்லில் சின்ன செயலி இருக்கிறது. முகவரியில் /bill/1042 என்று வருகிறது. அதை 1041 ஆக்கினால் வேறொருவர் பில் திறக்கிறது. டேட்டாபேஸ் முழுவதையும் யூயூஐடி என்ற நீளமான அடையாளக் குறியீட்டுக்கு மாற்ற 40,000 ரூபாய் கேட்கிறார் ஒரு டெவலப்பர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இது அரை நாள் வேலை.

வாடிக்கையாளர் லாகின் செய்துதான் பில்லைப் பார்ப்பார் என்றால், பில் அவருடையதா என்று ஒரு வரியில் சோதித்தால் போதும். 1042 அப்படியே இருக்கலாம். உங்களிடம் லாகின் இல்லை. லிங்க்தான் சாவி. அதனால் அது யூகிக்க முடியாததாக இருக்க வேண்டும். வரிசை எண்ணில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒருவர் மாதத் தொடக்கத்தில் 1042, கடைசியில் 1130 வாங்கினால், இடையில் நீங்கள் 88 பில் போட்டது அவருக்குத் தெரிந்துவிடும்.

பழைய எண்ணைத் தொடாதீர்கள். டேபிளில் அதன் பக்கத்தில் ஒரு புது நெடுவரிசை சேருங்கள்:

```sql
ALTER TABLE bills ADD public_id CHAR(32) NULL UNIQUE;
```

பழைய பில் ஒவ்வொன்றுக்கும், இனி போடும் ஒவ்வொன்றுக்கும் பிஎச்பியில் ஒரு மதிப்பு உருவாக்கி அதில் நிரப்புங்கள்:

```php
$publicId = bin2hex(random_bytes(16));
```

லிங்கில் இது மட்டும் போகட்டும். அப்புறம் பழைய /bill/1042 வழியை மூடிவிடுங்கள். புதுப் பூட்டு போட்டுவிட்டு பழைய கதவைத் திறந்தே வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே அனுப்பிய லிங்க்குகள் செத்துப்போகும். கேட்பவர்களுக்குத் திரும்ப அனுப்புங்கள்.

டெவலப்பர்கள் காட்டும் வித்தைகளில் ஏமாறாதீர்கள். 1042-ஐ `MTA0Mg==` என்று மாற்றிக் காட்டி "என்கிரிப்ட் பண்ணிட்டேன் சார்" என்பார்கள். அது பேஸ்64, யாரும் ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். மைஎஸ்க்யூஎல்லின் `UUID()` பார்க்கக் கன்னாபின்னாவென்று இருக்கும், ஆனால் நேரத்தை வைத்து உருவாவது. அடுத்தடுத்து இரண்டு எடுத்துப் பாருங்கள், முன்பகுதி மட்டும்தான் மாறியிருக்கும். அதைச் சாவியாக நம்பக்கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பில்லில் அச்சாகும் இன்வாய்ஸ் எண்ணை ரேண்டம் ஆக்கிவிடாதீர்கள். ஜிஎஸ்டி விதி 46-படி அது தொடர் வரிசையில், 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். யூயூஐடிக்கோ கோடுகளோடு 36 எழுத்து. "எல்லாத்தையும் மாத்திடலாம்" என்று கிளம்புபவர் இதையும் மாற்றிவைப்பார். ஆடிட்டரிடம் திட்டு வாங்குவது நீங்கள். பில்லுக்குள் 1042, லிங்கில் ரேண்டம். இரண்டும் வேறு வேறு வேலை.

லிங்க்கை யாராவது குரூப்பில் ஃபார்வர்ட் செய்தால் எந்த ரேண்டமும் காப்பாற்றாது. 90 நாளில் காலாவதியாகும்படி வையுங்கள்.

எனக்கே ஒரு அரசுத் தளத்தில் ரசீது எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றியதும் முன்பின் தெரியாத ஒருவரின் முகவரி வந்து நின்றது. புகார் எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை.