கண் கேம்ப் பட்ஜெட்: தொகைக்குப் பக்கத்துல காரணம் எப்படி எழுதறது?

கேள்வி: சார், நாங்க ஒரு சின்ன டிரஸ்ட் கண் ஆஸ்பத்திரி. கிராமங்கள்ல கண் பரிசோதனை கேம்ப் நடத்த ஒரு கம்பெனியோட சிஎஸ்ஆர் நிதிக்கு புரபோசல் குடுத்தோம். "பட்ஜெட் ஜஸ்டிஃபிகேஷன் போதாது, திருத்தி அனுப்புங்க"ன்னு திரும்பி வந்துடுச்சு. எல்லாத்துக்கும் கொட்டேஷன் வாங்கித்தான் தொகை போட்டோம். இன்னும் என்ன எழுதணும்?

பதில்:

கொட்டேஷன் ஒரு பொருளோட விலையைச் சொல்லும், அவ்வளவுதான். அது எத்தனை வேணும், ஏன் அத்தனை வேணும்னு சொல்லாது. புரபோசலைப் படிக்கறவங்க தேடறது அந்த எண்ணிக்கைக்கான காரணத்தை. அனேகமா உங்க பேப்பர்ல "கண்ணாடி: ஏழை நோயாளிகளுக்கு இலவசமா வழங்க", "வாகனம்: கேம்ப்புக்கு போய்வர" இப்படி இருந்திருக்கும். கண்ணாடி எதுக்குன்னு அவங்களுக்கே தெரியும், 2,000 கண்ணாடின்னு போட்டிருந்தா அந்த 2,000 எங்கேருந்து வந்துச்சுங்கறதுதான் கேள்வி.

அதனால பட்ஜெட் ஷீட்டை ஓரமா வச்சுட்டு முதல்ல போன வருஷத்து கேம்ப் ரெஜிஸ்டரை எடுங்க. ஒரு கேம்ப்புக்கு சராசரியா எத்தனை பேர் வந்தாங்க, அதுல எத்தனை பேருக்கு கண்ணாடி எழுதினோம், எத்தனை பேருக்கு புரை ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னோம், சொன்னதுல எத்தனை பேர் நிஜமா வண்டியில ஏறினாங்க, ஏறினதுல எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடந்துச்சு, இந்த அஞ்சு எண்ணும் இருந்தா பட்ஜெட்ல முக்கால்வாசி வரிக்கு காரணம் கிடைச்சுடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன், எண்களை உங்க ரெஜிஸ்டர்படி மாத்திக்குங்க. வருஷத்துக்கு 40 கேம்ப்னு வைப்போம். ஏன் 40, ஏன் 52 இல்லைங்கறதையும் எழுதணும், ஞாயித்துக்கிழமைதான் கேம்ப், ஐப்பசி கார்த்திகை அடைமழையில கூட்டம் வராது, அறுவடை சமயத்துலயும் பொங்கலுக்கும் ஊர்ல யாரும் வரமாட்டாங்க, அதெல்லாம் கழிச்சா 40 மிஞ்சுதுன்னு ரெண்டு வரி போதும். அந்த ரெண்டு வரியைப் பார்த்தாலே இவங்க களத்துல வேலை பார்க்கறவங்கன்னு படிக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும். ஒரு கேம்ப்புக்கு 150 பேர் வந்தா மொத்தம் 6,000 பேர். கேம்ப்புக்கு 45 பேருக்கு கண்ணாடி, 18 பேருக்கு புரை ஆபரேஷன் தேவை, அதுல 12 பேர் வண்டியில ஏறறாங்க, ஆஸ்பத்திரி வந்தப்புறம் சுகர், பிபி கூடுதலா இருக்கு, இல்ல கண்ணீர்ப்பையில சீழ் இருக்குன்னு ரெண்டு பேரைத் தள்ளிப்போட வேண்டி வருது, கடைசியில ஆபரேஷன் நடக்கறது 10 பேருக்கு. வருஷத்துக்கு 400.

இந்த 18, 12, 10-ங்கற இறக்கத்தை தயவுசெஞ்சு மறைக்காதீங்க. நிறைய பேர் 18 பேருக்கும் ஆபரேஷன்னு எழுதினா திட்டம் பெருசா தெரியும்னு நினைச்சு எழுதிடறாங்க, அப்புறம் வருஷக் கடைசியில ஆடிட்டர் யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட் போடும்போது ஆபரேஷனுக்கு வாங்கின பணத்துல கிட்டத்தட்ட பாதி செலவாகாம நிக்கும். கேம்ப் நடத்தின அனுபவம் இருக்கற யாரு படிச்சாலும், சொன்ன எல்லாரும் வந்துட்டாங்கங்கற கணக்கை நம்பமாட்டாங்க.

இனி கண்ணாடி வரிக்கு வருவோம். கேம்ப்புக்கு 45 பேர்னா வருஷத்துக்கு 1,800. கேம்ப்புக்கு வர்ற அந்த 45-ல 30 பேருக்கு பக்கத்துல பார்க்க ரெடிமேட் ரீடிங் கிளாஸே போதும், 15 பேருக்கு அவங்கவங்க பவருக்கு ஏத்த மாதிரி தனித்தனியா லென்ஸ் வெட்டிப் போடணும், ரெண்டுக்கும் விலை ஒண்ணு இல்ல, ஆகவே ஒரே வரியா போடாம ரெண்டா பிரிங்க. இதுக்கு மேல ஒரு விஷயம் பெரும்பாலும் விட்டுப்போகும். ஆபரேஷன் ஆன 400 பேரும் ஒரு மாசம் கழிச்சு மறுபரிசோதனைக்கு வருவாங்க, லென்ஸ் வச்ச கண்ணுக்கு தூரம் நல்லா தெரிஞ்சாலும் படிக்க, ஊசி கோக்க கண்ணாடி வேணும். அதைச் சேர்த்தா 2,200. நீங்க எழுதவேண்டிய பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும், இங்கிலீஷ்ல எழுதினாலும் வரிசை இதேதான்:

"கேம்ப்புக்கு 30 ரீடிங் கிளாஸ் வீதம் 40 கேம்ப்புக்கு 1,200, பவர் கண்ணாடி கேம்ப்புக்கு 15 வீதம் 600, ஆபரேஷனுக்குப் பிறகு 400. எண்ணிக்கை கடந்த ஆண்டு கேம்ப் ரெஜிஸ்டர் சராசரிப்படி. விலை மூணு கொட்டேஷன்ல குறைந்தது, ஜிஎஸ்டி உட்பட."

அந்த "ஜிஎஸ்டி உட்பட"வை விட்டுடாதீங்க. ஆஸ்பத்திரி சிகிச்சை சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கறதால நீங்க வாங்கற பொருளுக்குக் கட்டின வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது உங்களுக்கு நிஜச் செலவு. வரி இல்லாத விலையைப் போட்டுட்டு பில் வரும்போது தவிக்கறவங்க நிறைய.

சம்பளம்தான் அடுத்த சிக்கல். ஒண்ணு, ஆப்டோமெட்ரிஸ்டோட முழு வருஷச் சம்பளத்தையும் இதுல ஏத்திடறாங்க, இல்லன்னா "நம்ம ஸ்டாஃப்தானே"ன்னு ஒண்ணுமே போடாம விட்டுடறாங்க. ரெண்டும் தப்பு. கேம்ப்ல வேலை செய்யற நாளைக் கணக்குப் பண்ணுங்க. மாசம் 22,000 ரூபாய் சம்பளத்துல ரெண்டு ஆப்டோமெட்ரிஸ்ட்னா வருஷத்துக்கு 5,28,000. வருஷத்துல 300 வேலை நாள், அதுல 40 நாள் கேம்ப். அப்ப இந்தத் திட்டத்தோட பங்கு 70,400 ரூபாய். மிச்சம் ஓபி வேலைக்கு ஆஸ்பத்திரி குடுக்குது.

இப்ப கேம்ப் ஆர்கனைசரைப் பாருங்க. அவர் கேம்ப் அன்னிக்கு மட்டும் வேலை செய்யல. முன்னாடியே ஊருக்குப் போய் பஞ்சாயத்து தலைவரைப் பார்க்கணும், ஸ்கூல் ஹெச்எம்-கிட்ட அனுமதி வாங்கணும், பார்வை சார்ட் மாட்ட 6 மீட்டர் நீளத்துக்கு வராண்டா இருக்கா, ரெட்டினாஸ்கோப் பார்க்க ஜன்னலை மூடி இருட்டாக்கற மாதிரி ஒரு ரூம் இருக்கான்னு பார்க்கணும், நோட்டீஸ் குடுக்கணும், ஆட்டோவுல மைக் கட்டி அறிவிக்கணும், கேம்ப் முடிஞ்சப்புறம் வராத அந்த ஆறு பேர் வீட்டுக்குப் போய்ப் பேசணும். கேம்ப்புக்கு அஞ்சு நாள், வருஷத்துக்கு 200 நாள். சம்பளம் 18,000-னா மூணுல ரெண்டு பங்கு, 1,44,000 ரூபாய். ரெண்டு ஆப்டோமெட்ரிஸ்ட்டுக்கு ஆகறதைவிட இரண்டு மடங்குக்கு மேல ஆகுது. காரணம் எழுதலன்னா முதல்ல வெட்டற வரி இதுதான், வெட்டினா கூட்டம் 150-ல இருந்து இறங்கிடும், மொத்தக் கணக்கும் சரிஞ்சுடும். அதனால அந்த அஞ்சு நாள் என்னென்னன்னு நாள் நாளா எழுதிடுங்க.

வண்டிக்கும் இதே கதைதான். கேம்ப்புக்கு 12 நோயாளிதான்னு நீங்களே எழுதியிருக்கும்போது 50 சீட் பஸ் வாடகை போட்டா உடனே மாட்டிக்கும். வேன் போதும். ஆனா வேன் கூட்டிட்டு வர ஒரு தடவை, ஆபரேஷன் முடிஞ்சு வீட்ல கொண்டு விட ஒரு தடவைன்னு ரெண்டு நடை போகும், டீம் வண்டி கேம்ப்புக்கு ஒரு நடை, மறுபரிசோதனைக்கு ஒரு நடை. சராசரி தூரம், நடை, கிலோமீட்டருக்கு என்ன ஆகுதுன்னு பெருக்கிக் காட்டிட்டு, லாக் புக் வச்சிருக்கோம்னு ஒரு வரி சேருங்க.

இப்ப முக்கியமான இடம். திட்டத்தோட பேரு பரிசோதனைதான், ஆனா பரிசோதிச்சு புரை இருக்குன்னு சொல்லிட்டு ஆபரேஷனுக்கு யார் பணம் குடுப்பாங்கன்னு எழுதலன்னா, படிக்கறவங்களுக்கு இந்தத் திட்டம் பாதியில நிக்கற மாதிரி தெரியும். உங்க ஆஸ்பத்திரியில ஒரு ஆபரேஷனுக்கு லென்ஸ், மருந்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,500 ஆகுதுன்னு வச்சுக்குவோம். தேசிய பார்வையிழப்பு தடுப்புத் திட்டத்துல தொண்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு மானியம் உண்டு, உங்களுக்கு அது 2,000 வருதுன்னு வைங்க. கம்பெனிகிட்ட நீங்க கேக்கக்கூடியது மிச்சம் 2,500 மட்டும், 400 ஆபரேஷனுக்கு பத்து லட்சம். முழு 4,500-ஐயும் கம்பெனிகிட்ட வாங்கிட்டு அதே நோயாளிக்கு மானியமும் கிளெய்ம் பண்ணினா அது ஒரே செலவுக்கு ரெண்டு இடத்துல பணம் வாங்கறது, ஆடிட்ல சிக்கினா அடுத்த வருஷம் எந்தக் கதவும் திறக்காது. கம்பெனி ஆபரேஷனுக்குத் தரமாட்டோம்னு சொன்னா, அந்தப் பத்து லட்சத்தை "ஆஸ்பத்திரியின் பங்கு"ன்னு தனி நெடுவரிசையில காட்டுங்க. பட்ஜெட்டுக்கு வெளிய வச்சுடாதீங்க.

கருவி வாங்கறதா இருந்தா ரெண்டு கேள்விக்கு பதில் வேணும். 40 நாளுக்காக போர்ட்டபிள் ஆட்டோரிஃப்ராக்டர் எதுக்கு, ரெட்டினாஸ்கோப்பும் ட்ரையல் செட்டும் தெரிஞ்ச ஆள் இருந்தா பத்தாதா? ஃபண்டஸ் கேமரா கேட்டா எடுத்த படத்தைப் படிச்சு ரிப்போர்ட் தர்றது யாரு? பதில் இல்லன்னா அந்த வரியை எடுத்துடறது நல்லது. வாங்கறீங்கன்னா சொத்து யார் பேர்ல இருக்கும்னு எழுதுங்க, 2021-ல திருத்தின சிஎஸ்ஆர் விதிப்படி அது கம்பெனி பேர்ல இருக்கக்கூடாது, சிஎஸ்ஆர் பதிவு எண் இருக்கற பொது டிரஸ்ட் பேர்ல இருக்கலாம்.

நிர்வாகச் செலவுக்கு 5% தான் போடலாம்னு யாராவது சொல்லியிருப்பாங்க. அந்த 5% உச்சவரம்பு கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் வேலையை நடத்த ஆகற நிர்வாகச் செலவுக்கு, உங்க திட்டத்தை களத்துல நடத்தற, கண்காணிக்கற செலவு அதுல வராது. அதனால அக்கவுண்டன்ட் நேரம், டேட்டா என்ட்ரி எல்லாத்தையும் மேல சொன்ன மாதிரி நாள் கணக்குல தைரியமா போடுங்க. வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ விதி வேற, அங்க 2020 திருத்தத்துக்கு அப்புறம் நிர்வாகச் செலவு 20%-க்கு மேல போகக்கூடாது, ஆனா ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளம் நிர்வாகச் செலவுல சேராது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

திருத்தி அனுப்பினப்புறம் "நல்லா இருக்கு, ஆனா 20% குறைங்க"ன்னு கேப்பாங்க. அப்ப கண்ணாடி விலையையோ ஆர்கனைசர் நாளையோ குறைக்காதீங்க, அது உங்களுக்கே நடத்த முடியாத பட்ஜெட் ஆயிடும். கேம்ப்பை 40-ல இருந்து 32 ஆக்குங்க. பரிசோதனை 4,800, ஆபரேஷன் 320, கண்ணாடி 1,760-ன்னு எல்லா வரியும் அதே விகிதத்துல இறங்கும், எத்தனை பேரைப் பரிசோதிக்க முடியாமப் போகுதுங்கறதும் அவங்க கண்ணுக்கு நேரா தெரியும்.