அப்பாவின் ரிப்போர்ட்டில் 'ஸ்டேஜ் சி, கிளாஸ் 3'

கேள்வி: அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஸ்டேஜ் சி, என்.ஒய்.எச்.ஏ. கிளாஸ் 3' என்று இருந்தது. மூன்று மாதம் கழித்து 'கிளாஸ் 2' என்று எழுதியிருக்கிறார்கள், ஸ்டேஜ் மட்டும் அப்படியே சி. அப்பா தேறியிருக்கிறாரா, இல்லையா?

தேறியிருக்கிறார், ஆனால் நோய் போய்விடவில்லை. அந்த ஒரே வரியில் இரண்டு வேறு வேறு விஷயங்களை எழுதியிருக்கிறார்கள், அதனால்தான் குழப்பம்.

நான் இதய நோய்ப் பிரிவில் நர்ஸ். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நோயாளியை உட்காரவைத்து எடை பார்த்து, "எப்படி இருக்கீங்க, எவ்வளவு நடக்க முடியுது?" என்று கேட்டு எழுதுவது என் வேலை. நீங்கள் பார்த்த அந்த கிளாஸ் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு வரும் பதிலிலிருந்துதான் பிறக்கிறது. எக்கோவில் தெரிவதும் இல்லை, ரத்தப் பரிசோதனையில் வருவதும் இல்லை.

கிளாஸ் முறை பழசு. நியூயார்க் ஹார்ட் அசோசியேஷன் 1928இல் கொண்டுவந்தது, அதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் என்.ஒய்.எச்.ஏ. எவ்வளவு உழைத்தால் மூச்சு வாங்குகிறது, அசதி வருகிறது, படபடக்கிறது என்பது மட்டும்தான் அதில் கணக்கு. வழக்கமான வேலைகள் எதிலும் தொந்தரவு இல்லை என்றால் 1. சும்மா இருந்தால் நன்றாக இருக்கிறார், வழக்கமான வேலை செய்தால் மூச்சு வாங்குகிறது என்றால் 2. உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை, குளித்து உடை மாற்றுவது மாதிரி சின்ன வேலைக்கே இளைக்கிறது என்றால் 3. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் 4. இது இன்றைய நிலவரம். அடுத்த மாதம் ஏறலாம், இறங்கலாம்.

ஸ்டேஜ் என்பது 2001இல் அமெரிக்க இதய அமைப்புகள் சேர்த்த இன்னொரு கணக்கு. நோய் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை அது சொல்கிறது. ஏ, பி, சி, டி என்று முன்னால் போகும், பின்னால் வராது. என் நினைவில் நிற்கும் ஒருவரை வைத்துச் சொன்னால் புரியும். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர், அதனால் வாத்தியார் என்றே வைத்துக்கொள்வோம்.

ஐம்பது வயதில் அவருக்கு பிரஷரும் சுகரும் இருந்தன. இதயம் நன்றாகத்தான் இருந்தது. அது ஸ்டேஜ் ஏ, அதாவது ஆபத்து இருக்கிறது, நோய் இல்லை. அறுபத்தொன்றில் மாரடைப்பு. அதற்குப் பிறகு எடுத்த எக்கோவில் இ.எஃப். 35 சதவீதம். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் இ.எஃப். நல்ல இதயத்தில் அது பொதுவாக 50க்கு மேல் இருக்கும். பாதிப்பு எக்கோவில் தெரிகிறது, ஆனால் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, மாடிப்படி சாதாரணமாக ஏறுகிறார். ஸ்டேஜ் பி, கிளாஸ் 1.

அடுத்த ஒரு வருடத்தில் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. வழக்கமான பரிசோதனைக்கு வந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர், நல்லா இருக்கேன். மூச்சு வாங்குறதே இல்ல" என்றார். நானும் கிளாஸ் 1 என்று எழுதப் போனேன். பக்கத்தில் இருந்த அவர் மனைவி மெதுவாக, "நாலு மாசமா கட்டிலைக் கீழ் ரூமுக்கு மாத்திட்டோம்மா" என்றார். ஏன் என்று கேட்டேன். மாடிக்குப் போவதில்லை. வெளியே நடக்கப் போவதில்லை. குளித்துவிட்டு வந்து பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் சட்டை போடுகிறார். இரவில் தலையணை ஒன்றிலிருந்து மூன்றாகியிருந்தது. கால்களை அழுத்திப் பார்த்தேன், விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது.

அவர் பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்காத அளவுக்கு வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இது கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அன்றிலிருந்து "மூச்சு வாங்குதா?" என்று கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை. "போன வருஷம் செஞ்சுக்கிட்டு இருந்த எதை இப்போ விட்டுட்டீங்க?" என்று கேட்கிறேன். பதில் கூட வந்தவரிடமிருந்துதான் வரும், பத்துக்கு எட்டு முறை. அன்று அவர் ஃபைலில் ஏறியது: ஸ்டேஜ் சி, கிளாஸ் 3.

மருந்துகளை மாற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் காய்ச்சல், சளி, அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்து அட்மிட் ஆனார். படுக்கவே முடியவில்லை, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்திப் பேசினார். கிளாஸ் 4. நீர் பிரியும் ஊசி போட்டதில் ஒரு வாரத்தில் 5 கிலோ இறங்கியது, அத்தனையும் உடம்பில் தேங்கியிருந்த நீர். வீட்டுக்குப் போகும்போது கிளாஸ் 3. மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கிளாஸ் 2. ஆறு நிமிட நடைச் சோதனையில் டிஸ்சார்ஜ் சமயம் 240 மீட்டர் நடந்தவர் இப்போது 380 மீட்டர் நடந்தார். இத்தனை ஏற்ற இறக்கத்திலும் ஸ்டேஜ் சி அசையவே இல்லை. உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டிலும் இதுதான் நடந்திருக்கிறது.

நாளைக்கே அவருக்குத் தொந்தரவு எல்லாம் மறைந்து கிளாஸ் 1 ஆனாலும் ஸ்டேஜ் சி என்றுதான் எழுதுவார்கள், ஏனென்றால் ஒருமுறை அறிகுறி வந்துவிட்டது. இதைப் பிடிவாதமாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இதயத் தசை பலவீனமாகி வீங்கியிருந்து, மருந்தால் எக்கோ சரியாகி, தொந்தரவும் இல்லாமல் இருந்தவர்களை வைத்து டிரெட்-எச்.எஃப். என்ற ஆய்வு நடந்தது; 2019இல் வெளிவந்தது. மருந்தைப் படிப்படியாக நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் "கிளாஸ் 1 ஆயிட்டேனே, மாத்திரை எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஸ்டேஜ் சி என்பதை 'மாத்திரை தொடர வேண்டும்' என்றே படித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஜ் டி வேறு. எல்லா மருந்தும் முடிந்த அளவு கொடுத்தும் சும்மா இருக்கும்போதே தொந்தரவு, திரும்பத் திரும்ப அட்மிஷன் என்றால்தான் அது. இதய மாற்று, இதயத்துக்குத் துணையாக ரத்தத்தைத் தள்ளும் பம்ப், அல்லது வேதனையைக் குறைக்கும் சிகிச்சை என்று பேச்சு அங்கேதான் தொடங்கும். கிளாஸ் 4 ஆனவர் எல்லாம் ஸ்டேஜ் டி இல்லை. வாத்தியாரும் அந்த ஒரு வாரம் கிளாஸ் 4தான்.

சரி, இந்த எண்ணை டாக்டர் எதற்குப் பயன்படுத்துகிறார்? ஒரு உதாரணம் போதும். ஐ.சி.டி. என்று ஒரு கருவி இருக்கிறது, துடிப்பு தாறுமாறாகிப் போனால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்துக் காப்பாற்றும். குறைந்தது மூன்று மாதம் முறையாக மருந்து சாப்பிட்ட பிறகும் இ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழே, ஆள் கிளாஸ் 2 அல்லது 3 என்றால் அதைப் பொருத்துவது பற்றிப் பேசுவார்கள். மருந்துக்கு மசியாத கிளாஸ் 4 என்றால், மாற்று இதயத்துக்கோ பம்புக்கோ வழி இல்லாதவருக்குப் பொதுவாக அதை வைப்பதில்லை. வாத்தியாருக்கு மூன்று மாதத்தில் இ.எஃப். 38 ஆனதால் அந்தப் பேச்சு வரவில்லை. இ.எஃப்.பும் கிளாஸும் சேர்ந்தே போகும் என்றும் நினைக்க வேண்டாம். 25 வைத்துக்கொண்டு படியேறுபவரும் உண்டு, 55 இருந்தும் குளியலறை வரை போய்வந்து இளைப்பவரும் உண்டு.

இந்த முறையின் பெரிய ஓட்டை, 'வழக்கமான வேலை' எது என்று அது சொல்லாததுதான். எனக்கு வழக்கமானது உங்கள் அப்பாவுக்கு வழக்கமாக இருக்காது. ஒரே நோயாளிகளை இரண்டு இதய மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து 2 அல்லது 3 என்று எழுதச் சொன்னபோது பாதிக்குச் சற்று மேல்தான் ஒத்துப்போனது என்று படித்திருக்கிறேன். வார்டில் பார்த்த எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. மூட்டு வலி இருப்பவர் மூச்சு வாங்கும் அளவுக்கு நடப்பதே இல்லை, அவர் கிளாஸ் குறைவாகத் தெரியும். ரத்தசோகையோ நுரையீரல் நோயோ இருந்தால் இதயம் செய்யாத தப்புக்கு அது பழி சுமக்கும். அதனால் 3 இலிருந்து 2 ஆனதை எழுதியவர் அதே டாக்டர்தானா, அதே கேள்விகளைத்தான் கேட்டாரா என்று பாருங்கள். வேறு ஆளாக இருந்தால் அந்த ஒரு எண் மாறியதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

வாத்தியாருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மாறாத ஒரு அளவுகோலை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டு மாடிக்கு 16 படி. டாக்டர் படியேறலாம் என்று சொன்ன பிறகு, தினமும் ஒருமுறை அவசரப்படாமல் ஏறி எந்தப் படியில் நிற்க வேண்டியிருக்கிறது என்று நோட்டில் எழுதினார். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் பார்த்த எடையையும் பக்கத்தில் எழுதினார். முதலில் 8ஆம் படி. மூன்றாம் மாதத்தில் நிற்காமல் 16ம் ஏறி, மேலே போய்க் கொஞ்சம் மூச்சு வாங்கினார். கட்டில் மறுபடி மாடிக்குப் போனது.

போன முறை வந்தபோது நான் கேட்பதற்கு முன்னாலேயே நோட்டை நீட்டி, "நாலு நாளா 12ஆம் படியில நிக்கிறேன் சிஸ்டர்" என்றார். எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. காலில் இன்னும் வீக்கம் வரவில்லை. டாக்டர் நீர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரத்தில் திரும்ப வரச் சொன்னார். ஃபைலில் அன்றும் 'ஸ்டேஜ் சி, கிளாஸ் 2' என்றுதான் எழுதினோம்.